லேபிள் இருக்கும் பக்கமே மேல்பக்கம்: சிறு ஆன்லைன் விற்பனையாளருக்கு ஓர் அன்பாக்சிங் வழிகாட்டி

ஆன்லைனில் விற்கத் தொடங்கிய புதிதில் ஒரு பிறந்தநாள் பரிசை அனுப்பினேன். சார்ஜ் செய்து பயன்படுத்தும் சின்ன இரவு விளக்கு. வாங்கியவர் ஒருவர், பெறப்போகிறவர் அவருடைய தோழி. வாழ்த்து அட்டையை என் கையாலேயே எழுதி, விளக்குக்கு மேலே டிஷ்யூ தாள் போர்த்தி, அதன் மேல் அட்டையை வைத்துப் பெட்டியை மூடினேன். மூன்றாம் நாள் வாங்கியவரிடமிருந்து போன். "விளக்கு வந்துடுச்சாம். யார் அனுப்பினதுன்னு தெரியாம அவ நாலு பேருக்குப் போன் போட்டு விசாரிச்சுட்டு இருக்கா. கார்டு வைக்கலையா நீங்க?"

வைத்திருந்தேன். ஆனால் பெட்டியின் மேல்பக்கத்தில் லோகோ ஸ்டிக்கர் இருந்தது. அதை மறைக்க மனம் வராமல் கூரியர் லேபிளை அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பெற்றவர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். தன் பெயர் தெரியும் பக்கத்தை மேலே வைத்து, டேப்பை அறுத்துத் திறந்தார். அவர் பார்த்தது விளக்கின் அடிப்பாகம். வாழ்த்து அட்டை பெட்டியின் அடியில் தங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பெட்டியை மடித்து வெளியே போடும்போதுதான் கிடைத்ததாம்.

அன்பாக்சிங் என்றதும் தங்க நிற ரிப்பன், லோகோ அச்சடித்த டேப், வண்ணத்தாள் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். திறப்பவரின் கை எங்கே போகிறது, கண் எதை முதலில் பார்க்கிறது என்ற வரிசையை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் பிராண்ட் எப்படிப்பட்டது என்பதை அந்த வரிசைதான் அவருக்குச் சொல்லும். அதே விளக்கை உதாரணமாக வைத்துக்கொண்டு, ஒரு பெட்டியை முதலிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

பெட்டி வாங்கும் முன் திறப்பு வரிசையை எழுதுங்கள். பொருள்களின் பட்டியல் வேண்டாம், செய்கைகளின் பட்டியல் வேண்டும். எங்கள் விளக்குக்கு நான் எழுதியது இப்படி: வாசலில் பெட்டியைக் கையில் வாங்குகிறார். பெயரைப் படிக்கிறார். டேப்பின் முனையைத் தேடுகிறார். மூடியைத் தூக்குகிறார். மூடியின் உட்புறமும் வாழ்த்து அட்டையும் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன. அட்டையைப் படிக்கிறார். தாளை விலக்குகிறார். விளக்கின் பெட்டியை வெளியே எடுக்கிறார். விளக்கை எடுத்துப் பொத்தானை அழுத்துகிறார். எரிகிறது. அப்புறம்தான் கேபிள் எங்கே என்று தேடுகிறார்.

இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, கேபிளும் கையேடும் விளக்குக்கு மேலே இருக்கக் கூடாது. பரிசைத் திறப்பவருக்கு முதலில் ஒயர் கண்ணில் பட்டால், ஏதோ பழுதுபார்த்த சாமான் வந்தது போல் இருக்கும். இரண்டாவது, "எரிகிறது" என்று நான் எழுதிய அந்த ஒரு சொல். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். மேலே எவ்வளவு அலங்கரித்தாலும், பொத்தானை அழுத்தும்போது எரியவில்லை என்றால் நினைவில் நிற்பது அதுதான்.

ஒவ்வொரு செய்கைக்கும் பக்கத்தில், அங்கே என்ன தவறலாம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். டேப் முனைக்கு: கத்தி உள்ளே இறங்கலாம். தாளை விலக்கும் இடத்துக்கு: தூள் தரையில் கொட்டலாம். இனி வரும் வேலையெல்லாம் இந்தத் தாளில் எழுதியதைச் சரிசெய்வதுதான்.

எந்தப் பெட்டி, எந்தப் பக்கம்

கடைகளில் அதிகம் கிடைப்பது மேலும் கீழும் நான்கு மடிப்புகள் உள்ள சாதாரண அட்டைப்பெட்டி. மேலே இரண்டு மடிப்புகள் நடுவில் சந்திக்கும், அந்தக் கோட்டின் மேல் டேப் ஓடும். சிறிய பெட்டியில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவரும். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கூரியர் லேபிளை ஒட்ட, கோடு இல்லாத இடம் மேலே இருக்காது. கோட்டின் மேல் ஒட்டினால், பார்கோடு மடிப்பில் விழுந்து ஸ்கேன் ஆகாமல் போகலாம். பக்கவாட்டில் ஒட்டினால் பெறுபவர் பெட்டியைச் சாய்த்துவைத்துத் திறப்பார். எனக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

பரிசுப் பொருளுக்கு நான் சிபாரிசு செய்வது, மூடி ஒரே பலகையாகப் பின்பக்கம் ஒட்டியபடியே திறக்கும் மெய்லர் பெட்டி. ஒரே அட்டையை மடித்து, காது போல நீளும் மடிப்புகளைப் பக்கச் சுவருக்குள் செருகினால் நின்றுவிடும். இதன் மேல்பக்கத்தில் கோடு கிடையாது. லேபிள் அங்கே முழுசாக உட்காரும். லேபிள் இருக்கும் பக்கம்தான் எல்லோருக்கும் மேல்பக்கம் என்பதால், அவர் சரியான பக்கத்தைத்தான் திறப்பார். அம்புக்குறியோ "இப்பக்கம் மேலே" என்ற எழுத்தோ தேவைப்படாது. நடுவழியில் பெட்டி எத்தனை தடவை தலைகீழாகப் புரண்டாலும், கடைசியில் ஒரு மனிதர் தன் பெயரைப் படிக்கும்போது அது நேராகத்தான் இருக்கும்.

வெளிப்பக்கம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பொருளின் பெயரோ படமோ வேண்டாம். பரிசு என்றால் ஆச்சரியம் வாசலிலேயே போய்விடும். எலக்ட்ரானிக் சாமான் என்று வெளியே தெரிந்தால் வழியில் சில கைகளுக்கு ஆசை வரும். ஒரு விதிவிலக்கு உண்டு. லித்தியம் பேட்டரி உள்ள பொருளாக இருந்து, கூரியர் நிறுவனம் பேட்டரி அடையாள ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னால், அது வெளியே தெரியும்படிதான் ஒட்டப்பட வேண்டும். அழகு கெடுகிறதே என்று அதை மறைக்கவோ, மடிப்பில் ஒட்டவோ, அதன் மேல் உங்கள் ஸ்டிக்கரை ஒட்டவோ கூடாது. விளக்குக்குள்ளேயே பொருத்திய பேட்டரிக்கு ஒரு விதி, தனியாக அனுப்பும் பவர் பேங்குக்கு அதைவிடக் கடுமையான விதி. முதல் பெட்டியை அனுப்பும் முன் உங்கள் கூரியரிடம் பொருளின் விவரத்தைக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

டேப்புக்கு ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. மூடியின் முன்பக்கத்தில் ஒட்டும் டேப்பின் கடைசி ஒரு சென்டிமீட்டரை, ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துவிடுங்கள். அது ஒரு காது போல நிற்கும். பெறுபவர் அதைப் பிடித்து இழுத்தால் டேப் முழுவதும் வந்துவிடும். கத்தி தேவையில்லை, நகம் உடையாது. இதற்கு ஆகும் செலவு ஒரு சென்டிமீட்டர் டேப். ஒரு எச்சரிக்கை: காதைப் பெட்டியின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். கன்வேயரிலோ மற்ற பெட்டியிலோ மாட்டி வழியிலேயே உரிந்துவிடும்.

இடைவெளி எவ்வளவு

இங்கேதான் புதியவர்கள் பணத்தை அதிகம் விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

எங்கள் விளக்கு அதன் சொந்தப் பெட்டியோடு 15 செ.மீ. நீளம், 11 அகலம், 9 உயரம். எடை 450 கிராம். சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டு, 25க்கு 21க்கு 19 என்று ஒரு பெட்டியை வாங்கினேன். நிஜ எடை ஒரு கிலோவைத் தொடவில்லை. ஆனால் கூரியர் நிறுவனங்கள் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000ஆல் வகுக்கின்றன. வருவது கன அளவு எடை. அதிலும் நிஜ எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் பில். என் பெட்டிக்கு 25 × 21 × 19 என்பது 9975. ஐயாயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ. அரைக் கிலோ விளக்கை அனுப்ப இரண்டு கிலோவுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் பல வாரங்கள்.

பிறகு வெளி அளவு 20க்கு 16க்கு 14 உள்ள பெட்டிக்கு மாறினேன். 4480ஐ 5000ஆல் வகுத்தால் 0.9 கிலோகூட வரவில்லை. கட்டணம் ஒரு கிலோ அடுக்குக்குள் வந்துவிட்டது. அட்டையின் தடிமனைக் கழித்தால் உள்ளே சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. இது போதுமா என்று கேட்டால், இந்த விளக்குக்குப் போதும். அது ஏற்கெனவே தன் பெட்டிக்குள் அச்சில் வார்த்த தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. வெளிப்பெட்டி வாங்கும் அடியை இரண்டு சென்டிமீட்டர் தாள் உள்வாங்கிக்கொண்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பெட்டி இல்லாத கண்ணாடிச் சட்டமோ பீங்கான் பொருளோ என்றால் இந்தக் கணக்கு செல்லாது, ஐந்து சென்டிமீட்டர்கூடத் தேவைப்படலாம். முடிவைச் சொல்லப்போவது கீழே வரும் விழும் சோதனைதான்.

கண்ணுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. பெரிய பெட்டியின் நடுவே சின்னப் பொருள் தாள்குவியலில் புதைந்திருந்தால், திறப்பவருக்குத் தோன்றுவது "இவ்வளவு பெரிய பெட்டியில் இவ்வளவுதானா" என்பது. அதே பொருள் அளவான பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால், தனக்காகவே செய்தது போல இருக்கும்.

இடைவெளியை எதனால் நிரப்புவது

தெர்மோகோல் மணிகள் வேண்டவே வேண்டாம். நிலைமின்சாரத்தால் அவை கையில், துணியில், விளக்கின் மேல் என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். பரிசை ரசிக்க வேண்டிய நேரத்தில் ஒருவரைத் துடைப்பம் தேட வைக்கும் பொருள் அது. துண்டாக நறுக்கிய வண்ணத்தாள் படத்தில் அழகாக இருக்கும், நானும் சில மாதம் வைத்தேன். அதன் பொடி சார்ஜிங் துளைக்குள் போய், கேபிள் சரியாக உட்காரவில்லை என்று புகார் வந்ததும் நிறுத்திவிட்டேன். மின்பொருளுக்குப் பக்கத்தில் பொடி உதிரும் எதுவும் கூடாது. சர்க்யூட் போர்டு வெளியே தெரியும் பொருளை விற்பவர்கள், சாதாரண பபிள் ராப்புக்குப் பதிலாக நிலைமின்சாரம் தடுக்கும் உறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எனக்கு ஒத்துவந்தது பழுப்புக் கிராஃப்ட் தாள். பெரிய தாளைக் கையால் கசக்கி, மறுபடி பாதி விரித்து, நீளவாட்டில் உருட்டினால் தலையணை போல் ஒன்று வரும். விளக்கின் பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு, அடியில் ஒன்று. பந்து போல இறுகக் கசக்கினால் கல் மாதிரி ஆகிவிடும், அதிர்ச்சியைத் தாங்காது. தளர்வாக விட்டால் வண்டியின் குலுக்கலில் படிந்து, போய்ச் சேரும்போது பாதி உயரம்தான் மிச்சம் இருக்கும். அதனால் மேல் அடுக்கை விளிம்பைவிடக் கொஞ்சம் உயரமாகவே நிரப்பி, மூடியை லேசாக அழுத்தி மூடும்படி வையுங்கள். மூடி தானாக உப்பி நின்றால் அதிகம். அழுத்தாமலே மூடினால் குறைவு. மூடிய பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்கவே கூடாது. வாசலில் பெட்டியை வாங்குகிறவர் முதலில் செய்வதும் அதைத்தான். உள்ளே ஏதோ உருண்டால், உடைந்திருக்குமோ என்ற பயத்தோடுதான் திறப்பார்.

பபிள் ராப் சுற்றுவதாக இருந்தால் குமிழ்கள் பொருளைப் பார்த்தபடி உள்பக்கம் இருக்கட்டும். அதை டேப் போட்டு மம்மி மாதிரி கட்டாதீர்கள். ஒரே இடத்தில் சின்ன ஸ்டிக்கர் போதும். உரிப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகும் பேக்கிங், விற்றவர் தன் பொருளைப் பற்றியே பயந்து போயிருக்கிறார் என்றுதான் காட்டும்.

பிராண்ட் பேசும் இடம்: மூடியின் உட்புறம்

மூடியைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படுவது அதன் உட்புறம். லோகோ, ஒரு வரி, உங்கள் நிறம் எல்லாம் அங்கே இருக்கலாம். வழியில் அழுக்காகாது, லேபிளோடு சண்டை போடாது.

இதற்காக ஆரம்பத்திலேயே அச்சடித்த பெட்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். அச்சுத் தகடு செய்யத் தனிச் செலவு ஆகும், குறைந்தபட்சம் இத்தனை என்று ஒரு பெரிய எண்ணிக்கையும் கேட்பார்கள். ஆயிரம் பெட்டி வந்து இறங்கிய பிறகு அளவு தவறு என்று தெரிந்தால் அவற்றை வைத்து என்ன செய்வது? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். பழுப்பு அட்டையில் மஞ்சள், இளநீலம் போன்ற வெளிர் நிறங்கள் எடுக்காது, அட்டையின் பழுப்பு அவற்றை விழுங்கிவிடும். கறுப்பு, அடர் பச்சை, கரும்நீலம் நன்றாக விழும். சாதாரண அலுவலக மை அட்டையில் ஊறி விளிம்பு மங்கும், பிக்மெண்ட் மை அதைவிடக் கூர்மையாக நிற்கும். ஸ்டாம்ப் வைத்ததும் பெட்டியை மூடிவிடாதீர்கள். காயவிடாமல் மூடினால் அந்த மை வாழ்த்து அட்டையில் இன்னொரு லோகோவாகப் பதிந்திருக்கும்.

நிறம் ஒன்று போதும். டிஃப்பனி என்ற நகை நிறுவனத்தின் வெளிர் நீலப் பெட்டியை உலகமே அடையாளம் கண்டுகொள்கிறது என்றால், அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை மாற்றவில்லை என்பதுதான் காரணம். 1998இல் அந்த நிறத்துக்கு வணிகச்சின்னப் பதிவே வாங்கிவிட்டார்கள். சிறு விற்பனையாளர் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது மாற்றாமல் இருப்பதை மட்டும்தான். இந்த மாதம் ஊதா டிஷ்யூ, அடுத்த மாதம் கடையில் மலிவாகக் கிடைத்த ஆரஞ்சு என்று போனால், இரண்டாவது தடவை வாங்குபவருக்கு வேறு யாரோ அனுப்பியது போல இருக்கும். எப்போதும் கிடைக்கும் நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சொல்லப்போனால் வெள்ளை டிஷ்யூவும் ஒரு நிற ஸ்டிக்கருமே போதும்.

அட்டை யாருக்குப் பேசுகிறது

பரிசுப் பெட்டியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பணம் கொடுத்தவரும் பெறுபவரும். இதை மறந்துவிட்டு "எங்களிடம் வாங்கியதற்கு நன்றி" என்று அட்டை வைத்தால், பெறுபவருக்கு அது வேறு யாருக்கோ வந்த கடிதம். பரிசு ஆர்டருக்கு அட்டையின் முன்பக்கம் முழுவதும் அனுப்பியவரின் சொற்கள் இருக்கட்டும். நீங்கள் பின்பக்கம் போய்விடுங்கள்.

அனுப்பியவர் எழுதித் தந்த வாழ்த்தை அப்படியே அச்சிடுங்கள், திருத்தாதீர்கள். ஆனால் அச்சிட்ட பிறகு கட்டாயம் ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள். லேபிள் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வாழ்த்து வெறும் கட்டம் கட்டமாக வரும். சிரிக்கும் முகங்களும் இதயங்களும் அப்படியே கட்டமாகிவிடும். ஒற்றெழுத்தின் புள்ளி அடுத்த எழுத்தில் போய் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெயர் அப்படிக் கெட்டுப் போனால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

பின்பக்கத்தில் மூன்று வரிகள் போதும். எங்கள் விளக்குக்கு நான் போடுவது: "பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள், எரியும். நீண்ட நேரம் அழுத்தினால் வெளிச்சம் குறையும். ஏதாவது சரியில்லை என்றால் இந்த எண்ணில் நேராக என்னிடமே சொல்லுங்கள்." கீழே என் பெயர், பேனாவால். அட்டை முழுவதையும் கையால் எழுதுவது நாளுக்குப் பத்துப் பெட்டி வரைக்கும் சரி. அதற்கு மேல் போனால் எழுத்து கோணலாகும், அப்புறம் பேக்கிங்கே தாமதமாகும். பெறுபவரின் பெயரையும் உங்கள் பெயரையும் மட்டும் கையால் எழுதிவிட்டு மிச்சத்தை அச்சிடலாம்.

ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் தள்ளுபடி என்று அட்டையில் எழுதாதீர்கள். பெரிய விற்பனைத் தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, கணக்கே முடங்கலாம். அதைவிட, பரிசு பெற்றவரிடம் வேலை வாங்குவது எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. பில் விஷயத்திலும் கவனம் வேண்டும். விலை தெரியும் எதுவும் பரிசுப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. பில்லை வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பெட்டியோடு போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வெளியே, ஒட்டிய உறைக்குள். பொருளின் பெட்டியில் ஒட்டிய விலை ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். அரைகுறையாக உரித்த ஸ்டிக்கர் விலையைவிட மோசம்.

பொத்தானை அழுத்தும் அந்த நொடி

மின்பொருளுக்குத் தாள், நிறம், அட்டை எல்லாம் முன்னுரைதான். விளக்கில் சார்ஜ் இல்லாமல் போய்ச் சேர்ந்தால், பெறுபவர் ஒரு மணி நேரம் கேபிளோடு காத்திருக்க வேண்டும். அதற்காக முழுசாக சார்ஜ் ஏற்றியும் அனுப்பக் கூடாது. லித்தியம் அயன் பேட்டரி நிறைந்த நிலையில் இருப்பது பாதுகாப்புக்கும் அதன் ஆயுளுக்கும் நல்லதல்ல. தனியாக விமானத்தில் போகும் லித்தியம் அயன் பேட்டரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் விதியே இருக்கிறது. பொருளுக்குள் பொருத்திய பேட்டரிக்கும் அந்த அளவையொட்டியே வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. முதல் தடவை எரிந்து காட்ட அது தாராளமாகப் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பொருள் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை இழக்கும். அதனால் பேக்கிங் மேசையில் ஒவ்வொரு விளக்கையும் ஒரு முறை எரியவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறேன். மங்கலாக எரிந்தால் அது சார்ஜுக்குப் போகும், வேறொன்று பெட்டிக்குப் போகும். அப்படியே கைரேகையையும் துடைத்துவிடலாம். பொத்தான் வழியில் தானாக அழுந்தினால் விளக்கு பெட்டிக்குள்ளேயே எரிந்து தீரும். ஆகவே பொத்தானின் மேல் தாள் அழுந்தாதபடி திருப்பி வையுங்கள். பட்டன் பேட்டரி உள்ள ரிமோட் போன்றவற்றில், இழுத்தால் வரும் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று பேட்டரிக்கும் தொடுமுனைக்கும் இடையே இருக்கும். அதைச் சோதனைக்காக உருவினால் மறுபடி செருகிவைக்க மறக்காதீர்கள்.

கேபிள் விளக்குக்கு அடியில், தனித் தட்டில். அதைக் கட்ட முறுக்குக் கம்பி வேண்டாம், பிரிக்கக் கடினம், சுரண்டியும் விடும். காகிதப் பட்டை ஒன்று போதும்.

கீழே போடுங்கள்

இஸ்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கத்துக்குப் பொதிகளைச் சோதிக்கத் தனி நடைமுறைகள் உண்டு. அவற்றில் எளிமையானது 1ஏ. முதலில் அதிர்வு மேசையில் குலுக்குவார்கள். பிறகு பத்து கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து தடவை கீழே விடுவார்கள். ஒரு மூலையில் ஒரு தடவை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளில் மூன்று தடவை, ஆறு முகங்களில் ஆறு தடவை. 76 சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட மேசை உயரம். ஆய்வகம் இல்லாமல் வீட்டிலேயே இந்த வீழ்ச்சிப் பகுதியை ஒத்திகை பார்க்கலாம். அதிகாரபூர்வச் சான்றிதழ் கிடைக்காது, ஆனால் எங்கே பலவீனம் என்று தெரிந்துவிடும்.

எங்கள் 20 × 16 × 14 பெட்டியை இப்படிப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் மூலையில் விழுந்தபோது பக்கச் சுவருக்குள் செருகிய ஒரு காது வெளியே வந்து, மூடி ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. முன்பக்கம் ஒரே டேப் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன டேப் சேர்த்தேன், அவற்றுக்கும் மடித்த காது உண்டு. இன்னொன்றும் தெரிந்தது. வாழ்த்து அட்டை டிஷ்யூவின் மேலிருந்து நழுவி, பக்கச் சுவருக்கும் தாளுக்கும் இடையே செங்குத்தாகப் போய் ஒளிந்திருந்தது. முதல் கதை வேறு வழியில் மறுபடி நடந்திருக்கும்! அட்டையை டிஷ்யூவோடு சேர்த்து ஒரு ஸ்டிக்கரால் ஒட்டியதும் அது நின்றது.

பத்து வீழ்ச்சி முடிந்ததும் திறந்து பொருள் உடைந்ததா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். திறந்த அந்தக் கணத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து, பேக் செய்தபோது எடுத்த படத்தோடு வைத்துப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் பார்க்கப்போவது திறந்தபோது எடுத்த படத்தைத்தான்.

அடுத்தது, நிஜக் கூரியரில் தூரத்து நண்பர் ஒருவருக்கு அனுப்புங்கள். திறப்பதைப் பேசாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கை மட்டும் தெரிந்தால் போதும். "எப்படி இருந்தது" என்று கேட்டால் நண்பர் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். வீடியோ முகத்தாட்சண்யம் பார்க்காது. கை எங்கே நின்று தயங்குகிறது, எது தரையில் விழுகிறது, கடைசியில் எதைத் தேடுகிறார் என்று பாருங்கள். என் நண்பரின் வீடியோவில் அவர் கை மூடிக்கு அடியில் பதினைந்து நொடி தடவிக்கொண்டிருந்தது. டேப்பும் பழுப்பு, பெட்டியும் பழுப்பு, மடித்த காது அவர் கண்ணில் படவே இல்லை. அந்தக் காதின் மேல் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டினேன். இப்போது அதுதான் எங்கள் பெட்டியின் வெளியே தெரியும் ஒரே நிறம்.

மேசையில் தலைகீழாக

திறப்பு வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் அதுதான் பேக்கிங் வரிசை. கேபிள் தட்டு முதலில், அட்டை கடைசியில். மேசையில் சாமான்களை இடமிருந்து வலமாக அந்த வரிசையிலேயே அடுக்கிவையுங்கள். வேறு யாராவது பேக் செய்தாலும் வரிசை மாறாது. கடைசியாக அட்டையை வைத்து, மூடுமுன் பெட்டியின் படத்தை எடுங்கள். "கார்டு வைக்கலையா" என்று போன் வந்தால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

ஒரு பெட்டிக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எனக்கு நான்கு நிமிடம். பண்டிகைக் காலத்தில் நாளுக்கு நாற்பது பெட்டி என்றால் அது 160 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரிப்பன் முடிச்சு போட்டுப் பார்த்தேன், அதற்கு மட்டும் கூடுதலாக ஒன்றரை நிமிடம் ஆனது. நாற்பதாவது பெட்டியின் முடிச்சு முதலாவதைப் போல இருக்கவில்லை. ரிப்பனை விட்டுவிட்டேன்.

இன்னும் மடிக்காத பெட்டி அட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் படுக்கவையுங்கள். ஈரம் குடித்த அட்டையின் வலு வெகுவாகக் குறையும், வாடையும் வரும். மூடியைத் தூக்கியதும் மூக்குக்கு முதலில் வருவது அந்தப் பூஞ்சை வாடையாக இருக்கும். அச்சடித்த பெட்டிக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: நூறு பெட்டி தொடர்ந்து அனுப்பியும் உங்கள் திறப்பு வரிசைத் தாளில் ஒரு திருத்தம்கூட வரவில்லை என்றால், அப்போது அச்சகத்துக்குப் போன் செய்யுங்கள். என் தாளில் கடைசித் திருத்தம் அந்தப் பச்சைப் புள்ளி.